சுருக்கும்போது தொலையும் வெளிச்சம்

நாசா 2012-இல் ‘பிளாக் மார்பிள்’ என்ற பெயரில் வெளியிட்ட இரவுப் பூமியின் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். சுவோமி என்பிபி செயற்கைக்கோள் பதிவுசெய்தவற்றைத் தொகுத்து உருவாக்கிய படம் அது. இருண்ட நிலப்பரப்பில் நகரங்கள் வெண்புள்ளிகளாக மின்னும். இப்படிப்பட்ட ஒரு படத்தை முழு அளவில் பார்த்துவிட்டு, கால்பங்கு அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். பெருநகரங்கள் மங்கியிருக்கும்; சிற்றூர்களின் விளக்குகள் பல காணாமலே போயிருக்கும்.

சுருக்கினால் நுணுக்கம் குறைவது இயல்பு. வெளிச்சம் குறைவது இயல்பல்ல. நான்கு புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சுகிறது என்றால், அந்த ஒன்று நான்கின் சராசரி ஒளியைத் தர வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களும் சராசரிதான் எடுக்கின்றன. ஆனால் அவை ஒளியைச் சராசரி எடுப்பதில்லை, ஒளிக்கு இட்ட குறியெண்களைச் சராசரி எடுக்கின்றன.

128 என்பது பாதி அல்ல

சாதாரணப் படக்கோப்பில் ஒவ்வொரு பிக்சலின் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாக இருக்கும். 0 என்றால் இருள், 255 என்றால் திரை தரக்கூடிய முழு ஒளி. அப்படியானால் நடுவிலுள்ள 128 பாதி ஒளியைத் தரும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அது தருவது முழு ஒளியில் சுமார் 22 சதவீதம் மட்டுமே. பாதி ஒளிக்குரிய எண் 188.

இப்படி வைத்ததற்குக் காரணம் நம் கண். இருட்டறையில் ஒரு விளக்கு எரியும்போது இன்னொன்றை ஏற்றினால் வித்தியாசம் பளிச்செனத் தெரியும். நூறு விளக்குகள் எரியும் கூடத்தில் நூற்றொன்றாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நம்மிடம் இருப்பதோ 256 படிகள்தான். அவற்றை ஒளிக்குச் சமமாகப் பங்கிட்டால் நிழல் பகுதிகளுக்குப் போதாமல், அங்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். எனவே இருண்ட பக்கத்துக்கு அதிகப் படிகளையும் வெளிச்சமான பக்கத்துக்குக் குறைவான படிகளையும் ஒதுக்கினார்கள். இந்த வளைந்த பங்கீட்டைத்தான் காமா என்கிறோம். பழைய குழாய்த் தொலைக்காட்சித் திரையும் இயற்கையாகவே இதற்கு ஒத்த வளைவோடுதான் மின்னழுத்தத்தை ஒளியாக்கியது. 1996-இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்து, 1999-இல் உலகத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட sRGB முறை இந்த வளைவுக்குத் திட்டமான வடிவம் கொடுத்தது. கோப்பைச் சேமிக்கவும் காட்டவும் அது மிக நல்ல ஏற்பாடு. கூட்டி வகுக்கும்போதுதான் தொல்லை தருகிறது.

ஒரு விளக்கு, மூன்று இருட்டு

இரவுப் படத்தில் நான்கு பிக்சல்கள் கொண்ட ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் தெருவிளக்கு, அதன் எண் 255. மற்ற மூன்றிலும் இருள், எண் 0. படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது இந்த நான்கும் ஒன்றாக வேண்டும்.

குறியெண்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் கிடைப்பது 64. அந்த எண்ணுக்குத் திரை தரும் ஒளி சுமார் 5 சதவீதம். ஆனால் அந்தச் சதுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒளியின் சராசரி 25 சதவீதம். அதற்குரிய எண் 137. ஆக, ஒரே ஒரு முறை பாதியாகச் சுருக்கியதிலேயே அந்த விளக்கின் ஒளி ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

பிழை எப்போதும் இருட்டின் பக்கமே சாயும் என்பதைக் கவனிக்க வேண்டும். வளைவின் வடிவம் அப்படி: எண்களின் சராசரி தரும் ஒளி, ஒளிகளின் சராசரியை ஒருபோதும் தாண்டாது. பக்கத்துப் பிக்சல்கள் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருந்தால் பிழையே தெரியாது. அதனால்தான் தெளிந்த வானமும் வெள்ளைச் சுவரும் முகமும் சுருக்கிய பிறகும் சரியாகத் தெரிகின்றன. விண்மீன்கள், வண்ண விளக்குச் சரங்கள், வானத்துக்கு எதிரே தெரியும் இலைகள், துணியின் நெசவு என வெளிச்சமும் இருளும் நெருக்கமாகக் கலக்கும் இடங்களில்தான் இழப்பு விழுகிறது.

விளிம்புகளில் கரிய கோடு தோன்றுவதற்கும் இதுவே காரணம். முழுச் சிவப்பும் முழுப் பச்சையும் ஒட்டி நிற்கும் எல்லையில் இரண்டின் ஒளியும் பாதிப் பாதியாகக் கலந்தால், இரு நிறங்களின் எண்களும் 188 ஆக, வெளிச்சமான மஞ்சள் வர வேண்டும். குறியெண்களைச் சராசரி எடுத்தால் இரண்டும் 128 ஆகின்றன. சுற்றியுள்ள இரு நிறங்களின் நடுவே அழுக்குப் படிந்ததுபோல் ஒரு கருமஞ்சள் கோடு விழுகிறது.

சரியான வழி

செய்ய வேண்டியவை மூன்று. முதலில் குறியெண்ணை ஒளிக்கு நேர்விகிதமான எண்ணாக மாற்ற வேண்டும். அடுத்து, அந்த எண்களை வைத்துப் படத்தைச் சுருக்க வேண்டும். கடைசியில் பழையபடி குறியெண்ணாக்கிச் சேமிக்க வேண்டும். முதல் படிக்கான sRGB கணக்கு இது. `s` என்பது 255-ஆல் வகுத்த குறியெண், `l` என்பது ஒளி.

```
if s <= 0.04045: l = s / 12.92
else:            l = ((s + 0.055) / 1.055) ** 2.4
```

இடையில் கிடைக்கும் ஒளி எண்களை மறுபடி 0–255 என்ற படிகளுக்குள் அடைக்கக் கூடாது. அடைத்தால், இருண்ட பகுதியில் தனித்தனியாக இருந்த 0 முதல் 6 வரையிலான குறியெண்கள் எல்லாம் ஒரே 0 ஆகி, நிழல்கள் சிதைந்துவிடும். 16 பிட் எண்ணோ தசம எண்ணோ வேண்டும்.

இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் இந்த மூன்றையும் ஒரே வரியில் செய்யலாம். அதில் `RGB` என்றாலே ஒளிக்கு நேரான எண்கள் என்று பொருள்.

```
magick iravu.png -colorspace RGB -resize 25% -colorspace sRGB siriyathu.png
```

எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

புகைப்படத்தைச் சுருக்குவதற்கு இதுவே சரியான வழி. பெரிதாக்கும்போது நிலைமை வேறு. கூர்மையாகப் பெரிதாக்கும் லான்சோஸ் போன்ற வடிகட்டிகள் விளிம்புகளை ஒட்டிச் சற்றே அளவு மீறும். ஒளி எண்களில் அந்த மீறல், வெளிச்சமான பொருள்களைச் சுற்றிக் கரிய வளையமாகக் கண்ணுக்கு அதிகம் தெரியும். அதனால் பெரிதாக்குவதற்குப் பலர் குறியெண்களையே விரும்புகிறார்கள். எழுத்துகளும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துள்ள ஒரு பக்கத்தை ஒளி எண்களில் சுருக்கினால் எழுத்து மெலிந்து வெளுக்கும். ஒளிக் கணக்குப்படி அது சரிதான், ஆனாலும் படிப்பதற்குச் சிரமம். அங்கே வழக்கமான முறையே உதவும்.

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எதைச் செய்கிறது என்று அறிவது எளிது. ஒற்றைப் பிக்சல் கறுப்பு, ஒற்றைப் பிக்சல் வெள்ளை என மாறிமாறி வரும் கட்டங்களால் ஒரு படம் வரையுங்கள். அதைப் பாதியாகச் சுருக்கி, நிறம் பார்க்கும் கருவியால் நடுப்பகுதியைத் தொடுங்கள். ஏறக்குறைய 128 வந்தால் குறியெண் சராசரி. 188 வந்தால் ஒளிச் சராசரி. முழுக் கறுப்போ முழு வெள்ளையோ வந்தால், அது சராசரியே எடுக்காமல் பிக்சல்களைக் கைவிடுகிறது.

எது உண்மை என்பதில் ஐயம் இருந்தால், சுருக்காத கட்டப்படத்தைக் கணினித் திரையில் 100 சதவீத அளவில் திறந்து, பக்கத்தில் 188 எண்ணிலும் 128 எண்ணிலும் இரண்டு சாம்பல் கட்டங்களை வையுங்கள். சில அடி பின்னால் நின்று பார்த்தால் உங்கள் கண்ணே கறுப்பையும் வெள்ளையையும் கலந்துவிடும். திரையின் அமைப்பு சரியாக இருந்தால், அந்தக் கலவை 188-ஐ ஒட்டியே தெரியும். 128 அதன் அருகே தெளிவாக இருண்டிருக்கும்.