ஆயிரம் சதுர அடி எங்கே போனது?

அனகாபுத்தூர், பம்மல் பக்கம் புது அடுக்குமாடி என்றால் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிரவுண்டு மனைதான். கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டாக ஆறு வீடுகள். விளம்பரத் தாளில் ‘2 பெட்ரூம், 1,000 சதுர அடி’ என்று போட்டிருப்பார்கள். அந்த ஆயிரம் உங்கள் வீட்டுக்குள் இருக்கும் இடம் அல்ல. முதல் தடவை வீடு வாங்குகிறவர்களுக்கு இது பெரும்பாலும் பால் காய்ச்சிய பிறகு, கட்டில் வாங்கப் போகும்போதுதான் உறைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆயிரம் என்பது சூப்பர் பில்ட்-அப் ஏரியா, அதாவது விற்பனைப் பரப்பு. வீட்டின் சொந்தப் பரப்பு 800. அதன்மேல் 25 சதவீதமாக 200 சதுர அடியைப் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கு என்று ஏற்றியிருக்கிறார்கள். அந்த 800-தான் பில்ட்-அப் ஏரியா. வெளிச்சுவர், பால்கனி எல்லாம் இதற்குள் அடக்கம். சென்னை பில்டர்கள் இதைப் ‘பிளிந்த் ஏரியா’ என்றும் சொல்வதுண்டு.

இந்த 800 என்பது 32 அடிக்கு 25 அடி. மூலையில் இருக்கும் பால்கனி 40 சதுர அடி. அதைக் கழித்தால் 760. சுற்றிலும் 114 அடி நீளத்துக்கு ஒன்பது அங்குல வெளிச்சுவர் ஓடுகிறது. அது மட்டும் ஏறக்குறைய 83 சதுர அடியை விழுங்கிவிடும். குழாய்கள் இறங்கும் டக்ட் 7. மீதி 670. இதுதான் கார்பெட் ஏரியா.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, கார்பெட் ஏரியாவை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது: வெளிச்சுவர், டக்ட், வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி சேராது, அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் சேரும். கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். டேப் பிடித்து அறை அறையாக அளந்து கூட்டினால் 670 வராது. நாலரை அங்குல உள்சுவர் மொத்தம் 60 அடி நீளம் இருந்தால் 22 சதுர அடிக்கு மேல் அதிலேயே போய்விடும். 648 வந்தால் பில்டர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகக் கூடாது. 600 வந்தால் போகலாம்.

இப்போது விலைக்கு வருவோம். சதுர அடி 6,000 ரூபாய் என்றால் வீடு 60 லட்சம். அதை 670-ஆல் வகுத்தால், நீங்கள் நடமாடும் சதுர அடி ஏறக்குறைய 8,955 ரூபாய். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் 950 சதுர அடி வீட்டைச் சதுர அடி 6,300 என்கிறார். மொத்தம் 59 லட்சத்து 85 ஆயிரம். விலை கூடுதல், வீடும் சின்னது என்று பலரும் அங்கேயே திரும்பிவிடுவார்கள். ஆனால் அதன் கார்பெட் ஏரியா 700 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 8,550 ரூபாய்தான் ஆகிறது. விற்பனைப் பரப்பின் விலையை மட்டும் ஒப்பிட்டால், பொதுப்பங்கை அதிகம் ஏற்றியவர்தான் மலிவானவராகத் தெரிவார்.

அந்தப் பொதுப்பங்கைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆறு வீட்டுக்கும் தலா 200 என்றால் 1,200 சதுர அடி. கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள். மாடிக்குப் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை சேர்ந்து 230 என்றால் மூன்று மாடிக்கு 690. படிக்கட்டு முகப்பு, மீட்டர் அறைக்கு ஒரு 150. ஆக 840. மிச்சம் 360 எங்கே என்று கேளுங்கள். கீழே கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினால், காருக்குத் தனியாகப் பணம் கேட்கிறாரா என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள்.

ரெராவில் பதிவான திட்டமென்றால் வேலை சுலபம். விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். பதிவுக்குத் தரும் விவரங்களில் ஒவ்வொரு வகை வீட்டின் கார்பெட் ஏரியாவும் பால்கனியும் தனித்தனியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான தளம் rera.tn.gov.in. ஆனால் நாம் பேசும் ஆறு வீட்டுக் கட்டடங்கள் பல இதற்குள் வருவதில்லை. மனை 500 சதுர மீட்டருக்குள், அதாவது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவாகவும், வீடுகள் எட்டுக்கு மிகாமலும் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தளத்தில் எந்தத் தாளும் இருக்காது.

அங்கே நீங்களேதான் தாளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும், உங்கள் வீட்டுக்கு மட்டும் அறை அளவு போட்ட வரைபடத்தையும் கேளுங்கள். அளவு சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கா, உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கா என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியாவைத் தனி வரியாகப் போட்டு, கட்டி முடித்து அளக்கும்போது குறைந்தால் சதுர அடிக்கு எவ்வளவு திருப்பித் தருவார் என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த விகிதம் 6,000 அல்ல, 8,955. பில்டர் முதலில் 6,000 என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்.