உள்ளே ஒன்றுமில்லை, வெளியே 282 மில்லிவோல்ட்

சூளைகளின் சூட்டை அளக்கத் தெர்மோகப்பிள் என்ற கம்பிச் சோடியைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனையில் சிறு வோல்டேஜ் தோன்றும். பரவலாகப் புழங்கும் கே வகையில் ஒரு டிகிரி செல்சியஸ் வித்தியாசத்துக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். இரு முனைகளுக்கும் இடையே நூறு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் வருவது 4.1 மில்லிவோல்ட்தான். அதை அப்படியே படிப்பது கடினம் என்பதால் ஆப்-ஆம்ப் என்ற ஐ.சி.யை வைத்துப் பெருக்குகிறார்கள்.

மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் 741. ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968இல் வெளிவந்த இந்த ஐ.சி. இன்றும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இதன் அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் பெருக்கம் 101 மடங்கு. பிளஸ் இன்புட்டில் தெர்மோகப்பிளை இணைத்தால், நூறு டிகிரிக்கு அவுட்புட்டில் 414 மில்லிவோல்ட் வரவேண்டும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

இப்போது தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, பிளஸ் இன்புட்டைச் சிறு கம்பியால் நேராக கிரவுண்டில் இணையுங்கள். உள்ளே போவது பூஜ்யம் என்பதால் வெளியேயும் பூஜ்யம்தான் வரவேண்டும். ஆனால் மல்டிமீட்டரில் 282 மில்லிவோல்ட் என்று எண் நிற்கிறது. அந்த எண்ணை நம்பினால், இன்னும் சூடே ஏற்றாத சூளை 68 டிகிரி சூடாகிவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும்.

இந்தப் பிழை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஆப்-ஆம்பின் வாசலில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக நிற்கின்றன. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால்தான் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் கிடைக்கும். எத்தனை கவனமாகத் தயாரித்தாலும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தே தீரும். தட்டுகள் காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் தராசைப் போல, இன்புட்டில் ஏற்கனவே ஒரு சிறு வோல்டேஜ் இருப்பதாகவே அந்த ஐ.சி. நடந்துகொள்ளும். இதற்குப் பெயர் ஆஃப்செட் வோல்டேஜ். சாதாரண 741இல் இது வழக்கமாக 2 மில்லிவோல்ட் அளவு இருக்கும். சிக்னல் எப்படிப் பெருகுகிறதோ அப்படியே இதுவும் 101 மடங்கு பெருகி, அவுட்புட்டில் 202 மில்லிவோல்ட்டாக நிற்கும்.

இரண்டாவது, பயாஸ் கரண்ட். அந்த டிரான்சிஸ்டர்கள் வேலை செய்ய வேண்டுமானால் அவற்றின் பேஸுக்குள் துளி கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 741இல் இது வழக்கமாக 80 நானோஆம்பியர். மைனஸ் இன்புட்டுக்கான கரண்ட் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக அவுட்புட்டிலிருந்து வருகிறது. 80 நானோஆம்பியரை 1 மெகாஓமால் பெருக்கினால் 80 மில்லிவோல்ட். பிளஸ் இன்புட் நேராக கிரவுண்டில் இருப்பதால் அங்கே ஓடும் கரண்ட் எந்த வோல்டேஜையும் உண்டாக்குவதில்லை. 202உம் 80உம் சேர்ந்ததுதான் அந்த 282.

மீட்டரில் தெரிவது ஒரே எண் என்பதால், பிழைக்குக் காரணம் இரண்டு என்று பலர் யோசிப்பதில்லை. ஆஃப்செட் என்றாலே ஐ.சி. கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, இன்னொரு 741ஐ மாற்றிப் பார்க்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு ரெசிஸ்டர்களையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 100 கிலோஓம், 1 கிலோஓம் என்று போடுங்கள். விகிதம் மாறாததால் பெருக்கம் அதே 101. ஆஃப்செட் வோல்டேஜ் தரும் 202 அசையாது. கரண்ட் தரும் பங்கு மட்டும் 80இலிருந்து 8 ஆகும். மீட்டரில் 210 தெரியும். 282க்கும் 210க்கும் வித்தியாசம் 72 மில்லிவோல்ட். ரெசிஸ்டர் குறைந்தது 900 கிலோஓம். 72ஐ அதனால் வகுத்தால் 80 நானோஆம்பியர் என்று பயாஸ் கரண்டே கையில் கிடைத்துவிடுகிறது. மீதி 202ஐ 101ஆல் வகுத்தால் ஆஃப்செட் வோல்டேஜும் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆஃப்செட் வோல்டேஜ் பிளஸ்ஸாகவும் இருக்கலாம், மைனஸாகவும் இருக்கலாம், அது ஐ.சி.க்கு ஐ.சி. மாறும். மைனஸ் 2 மில்லிவோல்ட் உள்ள ஐ.சி. அமைந்தால் முதலில் தெரிவது மைனஸ் 122. ரெசிஸ்டரைக் குறைத்ததும் அது மைனஸ் 194 ஆகும். நல்லது செய்யப்போய்ப் பிழை கூடிவிட்டதே என்று தோன்றும். இரண்டு பிழைகளும் அதுவரை ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருந்தன என்பதுதான் விஷயம். அதனால் ஒற்றை அளவை மட்டும் பார்த்துச் சர்க்யூட்டைப் பாராட்டவோ குறை சொல்லவோ கூடாது என்பேன்.

நான் இதுவரை எடுத்த எண்கள் டேட்டா ஷீட்டில் உள்ள சராசரி மதிப்புகள். அதே தாளில் உச்ச வரம்பும் இருக்கிறது: ஆஃப்செட் 6 மில்லிவோல்ட், பயாஸ் கரண்ட் 500 நானோஆம்பியர். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் 606உம் 500உம் கூடி 1.1 வோல்ட்டைத் தாண்டும். சூட்டுக் கணக்கில் இது சுமார் 267 டிகிரி! நூறு கருவிகள் செய்து விற்கப்போகிறவர் இந்த வரம்பை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரிசெய்ய என்ன வழி? பயாஸ் கரண்டுக்குப் பழைய, நல்ல உபாயம் ஒன்று உண்டு. பிளஸ் இன்புட்டுக்கு முன்னால் 9.9 கிலோஓம் ரெசிஸ்டர் போடுவது. இது 1 மெகாஓமும் 10 கிலோஓமும் பக்கவாட்டில் சேர்ந்தால் வரும் மதிப்பு. இரு வாசல்களிலும் ஒரே அளவு வோல்டேஜ் விழுவதால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். இரண்டு கரண்டுகளும் துல்லியமாகச் சமம் இல்லாததால், அவற்றின் வித்தியாசமான 20 நானோஆம்பியர் மட்டும் மிஞ்சும். 80 மில்லிவோல்ட் இப்போது 20க்குள் அடங்குகிறது.

ஆஃப்செட் வோல்டேஜுக்கு 741இன் 1ஆம், 5ஆம் கால்களுக்கு இடையே 10 கிலோஓம் பிரிசெட்டைப் போட்டு, அதன் நடுக்காலை மைனஸ் சப்ளையில் இணைப்பார்கள். சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினால் மீட்டரின் எண் இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும். ஆனால் சூடு மாறினால் ஆஃப்செட்டும் நகரும். 741இன் உயர்தர வகையான 741ஏக்கே டிகிரிக்கு 15 மைக்ரோவோல்ட் வரை நகரலாம் என்கிறது டேட்டா ஷீட். காலையில் 25 டிகிரியில் திருகி வைத்த கருவி மதியம் 35 டிகிரியைத் தொட்டால் 150 மைக்ரோவோல்ட் நகர்ந்திருக்கும். தெர்மோகப்பிள் கணக்கில் இது கிட்டத்தட்ட நான்கு டிகிரி.

இந்த வேலைக்கு 741ஐத் திருகித் திருகிச் சரிசெய்வதைவிட ஓபி07 போடுவதே மேல். அதன் சாதாரண ரகத்தில் ஆஃப்செட் சராசரியாக 60 மைக்ரோவோல்ட், பயாஸ் கரண்ட் 1.8 நானோஆம்பியர். அதே ரெசிஸ்டர்களோடு அவுட்புட் பிழை 6.1உம் 1.8உம் சேர்ந்து 8 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது சுமார் இரண்டு டிகிரி. பயாஸ் கரண்ட் பிக்கோஆம்பியரில் இருக்கிறதே என்று டிஎல்081ஐ எடுத்தால் இங்கே ஏமாற்றமே. கரண்டால் வரும் பிழை மறைந்துவிடும். ஆனால் அதன் ஆஃப்செட் சராசரி 3 மில்லிவோல்ட் என்பதால் 303 மில்லிவோல்ட் பிழையோடு 741ஐவிட மோசமாக நிற்கும். அது பொருந்துவது, நூறு மெகாஓம் அளவு ரெசிஸ்டன்ஸ் உள்ள பிஎச் எலக்ட்ரோடு போன்ற இடத்தில். அங்கே 741இன் 80 நானோஆம்பியர் 8 வோல்ட்டை உண்டாக்கிவிடும். டிஎல்081இன் 30 பிக்கோஆம்பியர் 3 மில்லிவோல்ட்டோடு நிற்கும்.

ஓபி07 போட்ட பிறகு அந்த 9.9 கிலோஓமைக் கழற்றிவிடலாம். அந்த ஐ.சி.க்குள்ளேயே பயாஸ் கரண்டைக் கழித்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. மிஞ்சும் இரு கரண்டுகளும் வெவ்வேறு திசையில்கூட ஓடலாம். அப்போது கூடுதல் ரெசிஸ்டர் பிழையைக் குறைக்காது, கூட்டவே செய்யும்.