இஎம்ஐ முழுசும் செலவு இல்ல!

ஒரு பனியன் கம்பெனி மார்ச் 15-ல் ₹10 லட்சம் லோன் வாங்குதுன்னு வைங்க. வட்டி வருஷத்துக்கு 12%, 24 தவணை, மாசம் ₹47,073. முதல் தவணையில் வட்டி ₹10,000. அது மட்டும்தான் செலவு. மீதி ₹37,073 லோன் பாக்கியில் கழியும். அதனால் அடுத்த மாச வட்டி ₹9,629 ஆகிடும்.

தவணை அட்டவணையை இஆர்பி-யில் ஏத்தினா இந்தப் பிரிப்பை அதுவே போடும். முழுசையும் செலவுன்னு பதிஞ்சா லாபம் குறைவா தெரியும், லோன் பாக்கியும் குறையாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிட்டா உடனே மாட்டிக்கும்.

முதல் தவணை ஏப்ரல் 15-ல்தான். ஆனாலும் மார்ச் 31 வரை சேர்ந்த 16 நாள் வட்டி அந்த வருஷச் செலவு. அதை 'செலுத்த வேண்டிய வட்டி'ன்னு பதிஞ்சு, ஏப்ரல் 1-ல் ரிவர்ஸ் பண்ணணும். மறந்தா அதே வட்டி ரெண்டு தடவை ஏறிடும்.