காரணத்தைச் சொல், காகிதத்தைக் கொடு

மாவட்டச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: ‘ஆட்சியர் உத்தரவின்பேரில் குண்டர் சட்டத்தில் சிறையில் அடைக்கப்பட்டார்.’ சில மாதம் கழித்து அதே நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக இன்னொரு செய்தி வரும்: ‘குண்டர் சட்ட உத்தரவு ரத்து, உயர் நீதிமன்றம் தீர்ப்பு.’ படிக்கிறவர்கள் வக்கீல் ஏதோ ஓட்டையைப் பிடித்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை அரசமைப்புச் சட்டம் வேண்டுமென்றே வைத்த வாசல்கள்.

சாதாரணக் கைதுக்கு விதி எளிது. கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லும் பிரிவு 22, அடுத்த மூச்சிலேயே தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இவை எதுவும் இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்துக்கான தண்டனை இல்லை. இனிமேல் செய்துவிடுவார் என்ற சந்தேகத்தின்பேரில் ஒருவரை முன்கூட்டியே அடைத்துவைப்பது. அதற்கு விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. உலகின் பல மக்களாட்சி நாடுகள் போர்க்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்ட இந்த ஆயுதத்தை, அமைதிக் காலத்திலும் அரசின் கையில் கொடுத்துவைத்திருக்கிறது நம் அரசமைப்பு. இது அதன் பலவீனமான இடம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆயுதத்தைக் கொடுத்த கையோடு அதற்குச் சில கட்டுகளையும் போட்டது. ஏன் அடைத்தோம் என்ற காரணங்களைக் கூடிய விரைவில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் காரணங்களை மறுத்து எழுத மிக முந்தைய வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர் அல்லது அதற்குத் தகுதி உள்ளவர்கள் அடங்கிய அறிவுரைக் கழகம் ‘போதுமான காரணம் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அரசமைப்பு நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தபோது, தனிமனித சுதந்திரத்துக்குப் போதிய காப்பு இல்லை என்று எழுந்த குறைக்கு ஓர் ஈடாகவே அதை முன்வைத்தார்.

கட்டுகள் தாங்குமா என்ற சோதனை உடனே வந்தது. 1950 ஜனவரி 26இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை மாகாணச் சிறையில் இருந்தார். மார்ச் 1ஆம் தேதி புதிய சட்டத்தின்கீழ் ஓர் ஆணை அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விசித்திரமானது. தன்னை அடைத்ததற்கு அரசு சொன்ன காரணங்களைக் கைதி நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அதுவே குற்றம். காரணம் தெரியாமல் காவல் சட்டப்படியானதா என்று நீதிபதி எப்படிப் பார்ப்பார்? மே 19ஆம் தேதி ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 14ஆம் பிரிவு செல்லாது என்பதில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. ஆனால் பெரும்பான்மையினர் சட்டத்தின் மற்ற பகுதிகள் செல்லும் என்றார்கள். கோபாலனின் மனு தள்ளுபடியானது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று கேட்க முடியாது என்பது அன்றைய பார்வை. பசல் அலி மட்டும் அதை ஏற்காமல் தனித் தீர்ப்பு எழுதினார். அந்தப் பார்வை மாற 1978 வரை, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர் என்று நீளும் அதன் பெயரில் ‘குண்டர்’ மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது. பிரிவு 22 பொதுவாகச் சொன்னதை இந்தச் சட்டம் நாள் கணக்காக்கியிருக்கிறது. ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட ஆணைக்கு 12 நாளில் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். காரணங்களைக் கைதியிடம் ஐந்து நாளுக்குள் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்தில் கழகம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆணை நிற்காது.

‘தெரிவிப்பது’ என்றால் என்ன என்பதிலும் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. குஜராத்தி மட்டுமே தெரிந்த ஒருவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரி வாய்மொழியாக விளக்கினார் என்று அரசு சொன்னபோது, அது போதாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. தெரிந்த மொழியில், எழுத்தில், சார்ந்த ஆவணங்களோடு கொடுத்தால்தான் அவரால் பதில் எழுத முடியும். அவர் அனுப்பிய பதில் மனு அதிகாரியின் மேசையில் காரணமில்லாமல் கிடந்தாலும் அரசு தோற்கும். இத்தனை நாள் என்று இதற்கு வரையறை இல்லை. ஆனால் கடந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு விளக்கம் சொல்ல வேண்டும்.

நடைமுறையைத் தாண்டிய கேள்வியும் உண்டு. 2010இல் சென்னையில், காலாவதியான மருந்துகளின் லேபிளை மாற்றி விற்றதாக ஒருவர் கைதானார். சிறையில் இருந்தவர்மீதே குண்டர் சட்ட ஆணையும் போடப்பட்டது. இதே போன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது, இவரும் வெளியே வந்துவிடுவார் என்பது ஆணையில் இருந்த காரணம். எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்ற விவரம் இல்லை. உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2011இல் ஆணையை ரத்து செய்தார்கள். வெறும் ஊகம் போதாது, மருந்துச் சட்டமும் தண்டனைச் சட்டமும் சமாளிக்கக்கூடிய குற்றத்துக்குத் தடுப்புக் காவலைத் தூக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். குற்றம் கொடியதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்த விசாரணை அதற்குரிய நீதிமன்றத்தில் தனியே நடக்கும்.

இந்தக் காப்பின் குறை நாட்கணக்கில் இருக்கிறது. அதிகபட்சமே ஓராண்டாக இருக்கும் காவலை எதிர்த்த ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வரவே மாதங்கள் ஆகின்றன. ஆணை கடைசியில் ரத்தானாலும் சிறையில் கழிந்த மாதங்கள் கழிந்தவைதான். தவறான ஆணை போட்ட அதிகாரிக்குப் பெரும்பாலும் ஒரு சேதமும் இல்லை. அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையும் கைதிக்குக் கிடையாது. அரசு தன் தரப்பில் வக்கீலை நிறுத்தினால் மட்டுமே அவரும் கேட்கலாம்.

உறவினர் யாரேனும் இப்படி அடைக்கப்பட்டால், முதலில் அவரிடம் கொடுக்கப்பட்ட காரணப் பட்டியலையும் ஆவணத் தொகுப்பையும் கேட்டு வாங்குங்கள். ஆணையின் தேதி, காகிதம் கையில் கிடைத்த தேதி, பதில் மனு அனுப்பிய தேதி மூன்றையும் குறித்துவையுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைத் தொலைக்காதீர்கள். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வழக்கறிஞர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.