அரசமரத்தடியில் குவியும் சாமி படங்கள்

பல ஊர்களில் அரசமரத்தடிப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு குவியலைப் பார்க்கலாம். கண்ணாடி விரிசல் விட்ட முருகன், கரையான் அரித்த லட்சுமி, தையல் பிரிந்த சஷ்டி கவசப் புத்தகம் எல்லாம் அதில் கிடக்கும். குப்பையில் போட மனம் வராமல் யாரோ வைத்துவிட்டுப் போனவை. நாலு மழை நனைந்த பிறகு அவை ஏறுவது அதே குப்பை வண்டியில்தான். நாம் கூசிய வேலையைத் துப்புரவுத் தொழிலாளி தலையில் கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

வீட்டிலேயே பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கத்துச் சிறு ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினால், அட்டை, படம், கண்ணாடி, சட்டம் எனத் தனித்தனியாக வந்துவிடும். கண்ணாடி நன்றாக இருந்தால் ஃபிரேம் கடையில் கேட்டுப் பாருங்கள், சின்னப் படத்துக்கு வெட்டிக்கொள்ள உதவும். சட்டத்தின் மூலையைக் கத்தியால் கீறும்போது உள்ளே தெர்மாகோல்போல வெள்ளையாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக். போகி நெருப்பில் அதைப் போடவே கூடாது.

அடுத்து, படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கிழியுங்கள். வெறும் காகிதமென்றால் வாளித் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்துப் பிசைந்தால் கூழாகிவிடும். உருவம் கரைந்துவிடுவதால் மிதிபடுமே என்ற கவலையும் இல்லை. பூச்செடி, மரத்தடியில் புதைக்கலாம்; அச்சு மை இருப்பதால் கீரைப் பாத்தி வேண்டாம். தைத்த பின்னை நீக்கிய பழைய சுலோகப் புத்தகங்களுக்கும் இதே வழிதான். ஓரத்தில் கண்ணாடித்தாள் உரிந்து வந்தால் அது லேமினேஷன். எத்தனை நாளானாலும் ஊறாது. காகிதத்தில் சுற்றி உலர் குப்பையில் தருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

ஊறப்போடும் முன் ஒரு நிமிடம் படத்தின் கீழ் ஓரத்தைப் படியுங்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவின் பெயரோ பழைய சிவகாசி அச்சகத்தின் பெயரோ இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஏட்டுச்சுவடி என்றால் தொடவே வேண்டாம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு உ.வே.சா. சுவடி தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் செய்தார்கள். என்னென்ன நூல்கள் போயின என்பது யாருக்கும் தெரியாது.

கோயிலிலோ குடியிருப்பிலோ அறிவிப்பு ஒட்டுவதாக இருந்தால், "இங்கே படங்களை வைக்காதீர்" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. வேறு மரத்தடி தேடிப் போவார்கள். இப்படி எழுதலாம்:

"பழைய சாமி படங்கள், பக்தி நூல்கள் மார்கழி மாதக் கடைசி ஞாயிறு காலை 7 முதல் 10 மணி வரை மண்டபத்தில் பெறப்படும். கண்ணாடியைக் கழற்றித் தனியே, காகிதம் சுற்றித் தரவும். மற்ற நாட்களில் வைக்க வேண்டாம்."

படங்களைப்போலவே மிஞ்சும் விழா அலங்காரங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதியே உண்டு. விநாயகரை நீரில் விடும் முன் பூ, துணி, காகித அலங்காரங்களைக் கழற்றிவிட வேண்டும். சிலையில் தெர்மாகோலுக்கு இடமே இல்லை. பூவை உரக்குழிக்கு அனுப்புங்கள். பிள்ளையார் குடையின் குச்சி நன்றாக இருந்தால் அடுத்த சதுர்த்திக்குக் காகிதம் மாற்றினால் போதும்.