நிறத்தை மாற்றிய அளவு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் லூயிஸ் புரூஸ் காட்மியம் சல்ஃபைடின் நுண்துகள்களை ஒரு கரைசலில் உண்டாக்கினார். அதைச் சில காலம் மேசையிலேயே விட்டுவைத்துப் பிறகு சோதித்தபோது, அது ஒளியை உறிஞ்சும் விதமே மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்திருக்குமோ என்ற ஐயம் அவருக்கு. 4.5 நானோமீட்டர் துகள்களையும் 12.5 நானோமீட்டர் துகள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரியவை வழக்கமான காட்மியம் சல்ஃபைடு போலவே இருந்தன. சிறியவை உறிஞ்சும் ஒளியோ நீலத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. 2023இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள வைத்த வேலை இது.

இதற்குக் காரணம் இடநெருக்கடி. ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டு எழும். அது விட்ட வெற்றிடமும் எலக்ட்ரானும் ஒரு ஜோடியாகத் திரியும். காட்மியம் சல்ஃபைடில் அந்த ஜோடிக்குச் சுமார் 6 நானோமீட்டர் இடம் தேவை. 12.5இல் தாராளமாக இருக்கும், 4.5இல் நெரிபடும். எலக்ட்ரானுக்கு அலையின் குணம் உண்டு. வீணைத் தந்தியின் நீளம் குறையக் குறைய சுருதி ஏறுவதுபோல, அடைபட்ட அலையின் ஆற்றலும் ஏறுகிறது. இதையே குவாண்டம் அடைப்பு என்கிறார்கள். இந்தப் பொருளுக்கு நெருங்கிய உறவான காட்மியம் செலினைடில் 6 நானோமீட்டர் புள்ளி சிவப்பாக ஒளிரும், 2 நானோமீட்டர் புள்ளி நீலமாக ஒளிரும்.

சரி, அந்தத் துகள்கள் ஏன் தாமாகவே வளர்ந்தன? அங்கேதான் மேற்பரப்பு வருகிறது. 3 நானோமீட்டர் உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் வெளி அடுக்கு ஓர் அணுவின் தடிமன், சுமார் 0.3 நானோமீட்டர். அதை உரித்தால் உள்ளே மிஞ்சுவது 2.4 நானோமீட்டர் உருண்டை, அதாவது பழைய கன அளவில் 51 விழுக்காடுதான். ஏறக்குறைய பாதி அணுக்கள் தோலிலேயே இருக்கின்றன! ஒரு மில்லிமீட்டர் படிகத்தில் பத்து லட்சம் அணுக்களுக்கு இரண்டு மட்டுமே அப்படி இருக்கும். தோலில் உள்ள அணுவுக்கு வெளிப்பக்கம் பிணைய ஆள் இல்லை, பிடிப்பு குறைவு. அதனால் சிறிய துகள்கள் எளிதில் கரைகின்றன. கரைந்தது பெரிய துகள்களில் போய்ப் படிகிறது. புரூஸின் கரைசலில் நடந்தது இதுவே.

இதே தோல் ஒளியையும் தின்றுவிடும். பிணையாமல் நிற்கும் அணுக்களில் எலக்ட்ரான் சிக்கினால், அதன் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். 1996இல் ஹைன்ஸ், கையோ-சியோனெஸ்ட் என்ற இருவர் காட்மியம் செலினைடு புள்ளியைத் துத்தநாக சல்ஃபைடு ஓட்டால் மூடினார்கள். உறிஞ்சிய ஒளித்துகள்களில் சுமார் பாதி, அறை வெப்பநிலையிலேயே ஒளியாகத் திரும்பி வந்தது.

ஆகவே புற ஊதா விளக்கின் கீழ் குவாண்டம் புள்ளிக் கரைசலைப் பார்க்க நேர்ந்தால், இரண்டைத் தனித்தனியே கவனியுங்கள். ஒளிர்வின் நிறம் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தால் துகள்கள் வளர்ந்திருக்கலாம். நிறம் மாறாமல் ஒளி மட்டும் மங்கியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மேற்பரப்பை.