காதருகே பேசும் துளையும் ஒரு ஸ்பீக்கர்தான்

போனைப் படுக்கைவாக்கில் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வசனம் திடீரென்று மங்கிப்போய் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பலர் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். அதன் துளையை உள்ளங்கை மூடியிருக்கும், இல்லையென்றால் போனுக்குப் போட்டிருக்கும் கவர் மூடியிருக்கும்.

ஸ்டீரியோ என்று விற்கப்படும் போன்கள் பலவற்றில் ஒரு ஸ்பீக்கர் கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மற்றொன்று, அழைப்பு வரும்போது காதில் வைத்துக் கேட்கும் அதே இயர்பீஸ். 2016-இல் வந்த ஐபோன் 7, ஆப்பிள் போன்களில் முதன்முதலாக இந்த முறையில் ஸ்டீரியோ தந்தது. சார்ஜர் துளைக்கு இரு பக்கமும் ஓட்டைகள் தெரிவதால் கீழேயே இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஐபோன் 7-இல் வலப்பக்கத்து ஓட்டைகளில் மட்டும்தான் ஸ்பீக்கர் சத்தம் வரும், இடப்பக்கம் மைக்குக்கானது.

இந்த இரண்டும் சமபலம் உள்ளவை அல்ல. கீழே இருப்பதற்குச் சற்றுப் பெரிய சவ்வும் காற்றறையும் உண்டு. பாடலின் கனத்த ஒலிகளைப் பெரும்பாலும் அதுதான் சுமக்கிறது. கண்ணாடியின் மேல்விளிம்பில் மெல்லிய கீற்று வழியாகப் பேசும் இயர்பீஸ், மனிதக் குரலையும் அதற்கு மேலான ஒலிகளையும் தெளிவாகத் தரும். பேஸ் அதிகம் தராது. ஆகவே கீழ்த்துளையை மூடினால் பாட்டு உடம்பை இழந்து ஒல்லியாகிவிடும். இயர்பீஸை மூடினால் தெளிவும், இடம் வலம் என்ற பிரிவும் போகும்.

கை ஏன் எல்லா ஒலியையும் ஒரே அளவில் அடக்குவதில்லை? 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல். உள்ளங்கை குறுக்கே இருந்தாலும் அது சுற்றிக்கொண்டு வந்துவிடும். 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் நான்கு சென்டிமீட்டர்தான், உள்ளங்கையைவிடச் சிறியது. அதைக் கை நிழலிட்டு மறைத்துவிடுகிறது, மென்மையான சதை கொஞ்சம் உறிஞ்சியும் விடுகிறது. 'சாமி', 'சீக்கிரம்' போன்ற சொற்களின் தொடக்கத்தில் வரும் ச ஒலியின் சீறல் இந்த உயர் பகுதியில்தான் இருக்கிறது. அதனால்தான் சத்தம் போதுமான அளவு இருந்தும் வசனம் புரியாமல் போகிறது.

கீழ் ஸ்பீக்கர் சார்ஜர் துளைக்கு வலப்பக்கம் உள்ள போனை எடுத்துக்கொள்வோம். போனின் தலைப்பகுதி இடக்கைப் பக்கம் வரும்படி திருப்பினால் ஸ்பீக்கர் வலது விளிம்பின் மேல்பாதிக்குப் போய்விடும். உள்ளங்கை கீழ்பாதியில்தான் தங்கும் என்பதால் துளை திறந்தே இருக்கும். தலைப்பகுதியை வலக்கைப் பக்கம் திருப்பினால் ஸ்பீக்கர் இடது விளிம்பின் கீழ்பாதிக்கு வந்து, உள்ளங்கைக்குள் சரியாகச் சிக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரும்பாலான போன்கள் இடம் வலத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும். எனவே திருப்பிப் பிடிப்பதால் நமக்கு எதுவும் குறையாது.

கவர் செய்யும் கெடுதல் வேறு மாதிரி. வேறு மாடலுக்கான கவரை மாட்டினால் வெட்டிய இடம் விலகி ஓட்டைகள் மறையலாம். தடித்த ரப்பர் விளிம்பு துளைக்கு முன்னால் குட்டிக் குழாயாகி ஒலியின் தன்மையை மாற்றும். இயர்பீஸுக்கு எதிரி டெம்பர்டு கிளாஸ். அது சற்று மேலேறி ஒட்டப்பட்டால் கீற்று மூடிக்கொள்ளும். அதன் ஓரத்தில் தூசியும் முக எண்ணெயும் சேர்ந்து வலையை அடைக்கும்.

எது அடைபட்டது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பாட்டைப் போட்டு, கீழ்த்துளையை விரலால் மூடுங்கள். மிஞ்சி வருவது இயர்பீஸின் சத்தம். அதுவும் மங்கலாக இருந்து, அழைப்பில் எதிராளியின் குரலும் சன்னமாகக் கேட்டால் இயர்பீஸ்தான் அடைபட்டிருக்கிறது. அழைப்பில் குரல் தெளிவாக இருந்தும் பாட்டில் கனம் இல்லையென்றால் கீழ்த்துளையைப் பாருங்கள். பிறகு கவரைக் கழற்றிவிட்டு அதே பாட்டின் அதே இடத்தை மறுபடி கேளுங்கள். ஒலி திறந்துகொண்டால் குற்றம் கவருடையது.

தூசியை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஊசி, குண்டூசி வேண்டாம். வலை கிழிந்து, சவ்வும் பழுதாகும். ஒரு பக்கத்தை மூடாமல் பிடிக்கவே முடியாதவர்கள், Accessibility பகுதியில் Mono audio-வை இயக்கிக்கொள்ளலாம். இரு பக்கத்து ஒலியும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். புதுக் கவர் வாங்கும்போது கடையிலேயே மாட்டி, ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.